‘ஆள் எடுக்கலம்மா’ என்ற கேட்டுக்கு ஒரு கடிதம்

வாசகியின் கடிதம்:

“எனக்கு வயது 31. டிப்ளமோ எலக்ட்ரிக்கல். கோவையில் ஒரு பெரிய பம்ப் தொழிற்சாலையில் 7 வருடமாக டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். தொழிற்சாலையை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். போக வர 3 மணி நேரம் ஆகிறது. மகள் ஒன்றாம் வகுப்பு. பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டில் இருக்கிறாள், அதற்கு மாதம் 2,500 ரூபாய் தருகிறேன். சம்பளம் கையில் வருவது 23,000.

கணபதியில் எங்கள் வீட்டிலிருந்து 2 கி.மீ. தூரத்தில் ஒரு சின்ன கம்பெனி சப்மெர்சிபிள் பம்ப் செய்கிறது. 30 பேர் இருப்பார்கள். விளம்பரம் எதுவும் கொடுக்கவில்லை. கேட்டில் விசாரித்தேன், ‘ஆள் எடுக்கலம்மா’ என்றார் வாட்ச்மேன். ஓனருக்கு நேராக எழுதலாமா? ‘கூப்பிடாத வீட்டுக்கு விருந்துக்குப் போற மாதிரி’ என்கிறார் என் கணவர். ‘என் தகுதிக்கேற்ற எந்த வேலை இருந்தாலும் செய்யத் தயார், முதல் மூன்று மாதம் சம்பளமே வேண்டாம்’ என்று ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இதையே பக்கத்தில் உள்ள மற்ற கம்பெனிகளுக்கும் அனுப்பலாமா? இன்னொரு பயம்: இப்போதைய கம்பெனி ஆர்டரில், விலகினால் 2 வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று இருக்கிறது.”

அன்புள்ள சகோதரிக்கு,

எழுதுங்கள். ஆனால் இப்போது எழுதி வைத்திருப்பதை அனுப்ப வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன், அந்த வாட்ச்மேன் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது என்று பார்த்துவிடுவோம்.

கோவைப் பக்கத்து இன்ஜினியரிங் கம்பெனிகளின் பர்சனல் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்தவன் நான். ‘ஆள் எடுக்கலை’ என்பது கேட்டில் நிற்பவருக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கும் பதில். லேத்துக்கு அவசரமாக ஆள் தேடிக்கொண்டிருக்கும் வாரத்திலும் அவர் அதையேதான் சொல்வார். ஆகவே அந்தப் பதிலில் இருந்து உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

30 பேர் உள்ள கம்பெனியில் காலியிடம் என்பது எந்தத் தாளிலும் இருக்காது. பெரிய தொழிற்சாலையில் இந்தப் பிரிவுக்கு இத்தனை பேர் என்று ஒரு கணக்கு உண்டு. ஒருவர் போனால் அந்த இடம் காலி, விளம்பரம் வரும். சின்ன கம்பெனியில் ஓனருக்கு ஒரு தொல்லை இருக்கும். டெஸ்ட் பெட்டில் ஒரே ஒரு அண்ணன், அவர் லீவு போட்டால் அன்றைக்கு லாரி கிளம்பாது. ரெஜிஸ்டர் எழுத நேரமில்லாமல், இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின இரவு மொத்தமாக எழுதுவார்கள். டீலரிடமிருந்து வாரண்டியில் திரும்பி வந்த பம்புகள் மூலையில் கிடக்கும், ஏன் எரிந்தது என்று பிரித்துப் பார்க்க ஆள் இருக்காது. இதில் எதையும் ஓனர் ‘காலியிடம்’ என்று சொல்ல மாட்டார். ‘இதை ஒருத்தர் பார்த்துக்கிட்டா பரவாயில்லை’ என்று மாதத்துக்கு நாலு தடவை நினைத்துக்கொள்வார், அவ்வளவுதான். உங்கள் கடிதம் அந்த நினைப்பில் போய் உட்கார வேண்டும்.

‘எந்த வேலை இருந்தாலும்’ என்ற வரி அங்கே போய் உட்காராது. உங்களுக்கு என்ன தெரியும், அதைத் தன் கம்பெனியில் எங்கே பொருத்துவது என்று யோசிக்கும் வேலையை அது அவர் தலையில் வைத்துவிடுகிறது. அதற்கு அவருக்கு நேரம் கிடையாது. ‘நல்ல பொண்ணா தெரியுது’ என்று சொல்லி டிராயரில் போட்டுவிடுவார். உங்கள் கணவர் சொல்லும் விருந்து உதாரணம் இந்த மாதிரிக் கடிதத்துக்குத்தான் பொருந்தும். என்ன செய்ய முடியும் என்று தெளிவாகச் சொல்லி, வேண்டாமென்றால் சிரமமில்லாமல் ஒதுக்கி வைக்க இடம் கொடுக்கும் கடிதத்தால் யாருக்கும் சங்கடம் வராது.

லேபிளில் தெரிவது

எழுதும் முன் ஒரு வாரம் விசாரியுங்கள். முதலில், அந்தக் கம்பெனியின் பம்ப் ஒன்றை ஏதாவது கடையில் பாருங்கள். லேபிளில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா? இருந்தால் மேலே ஐஎஸ் எண் இருக்கும்; சப்மெர்சிபிள் என்றால் 8034 என்பது உங்களுக்கே தெரியும். கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கும். அதைப் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் லைசென்ஸ் யார் பெயரில், எந்த முகவரிக்கு, இப்போது நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும்.

உங்களுக்கு இதுதான் முக்கியம். லைசென்ஸ் உள்ள கம்பெனி என்றால் டெஸ்டிங் வசதி இருக்க வேண்டும், சோதனை செய்யத் தெரிந்த ஆள் இருக்க வேண்டும், பதிவேடு இருக்க வேண்டும். பிஐஎஸ் அதிகாரி வந்து பார்ப்பார். தொழிற்சாலையிலும் மார்க்கெட்டிலும் சாம்பிள் எடுப்பார். சாம்பிள் தவறினால் முத்திரை போடுவதையே நிறுத்த வேண்டி வரலாம். அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் 7 வருட வேலைக்கு மதிப்பு உண்டு. லேபிளில் முத்திரையே இல்லை என்றால், மோட்டாரை ஓரிடத்திலும் பம்பை இன்னோரிடத்திலும் வாங்கிப் பூட்டி விற்கும் இடமாக இருக்கலாம். அங்கே டெஸ்ட் பெட் என்பது ஒரு தொட்டியும் ஒரு பிரஷர் கேஜுமாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே உங்களுக்கு வேலை கிடைக்காது என்று சொல்லவில்லை. உங்கள் டெஸ்டிங் அனுபவத்துக்கு அவர்கள் சம்பளம் தர மாட்டார்கள்.

அடுத்து ஓனர் பெயர். கம்பெனி போர்டிலேயே ஜிஎஸ்டி எண் எழுதியிருக்கும். ஜிஎஸ்டி தளத்தில் அதைத் தேடினால் தனி உரிமையாளரா, பங்குதாரர் நிறுவனமா, பிரைவேட் லிமிடெட்டா என்று காட்டும். தனி உரிமையாளர் என்றால் அவர் பெயரே வந்துவிடும். கடிதத்தின் மேலே அந்தப் பெயர் இருக்க வேண்டும். ‘மேலாளர் அவர்களுக்கு’ என்று எழுதினால் அது அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண்ணின் மேஜையோடு நின்றுவிடும்.

மூன்றாவது இடம் ரீவைண்டிங் கடை. உங்கள் பகுதியில் இதற்குக் குறைவில்லை. எந்தக் கம்பெனி மோட்டார் எந்தக் கோளாறோடு வருகிறது என்று அந்தக் கடைக்காரருக்குத்தான் தெரியும். பில் பணம் தராத கம்பெனி எது, சனிக்கிழமை கூலியை ஒழுங்காகக் கொடுக்காத கம்பெனி எது என்பதும் தெரியும். இந்த இரண்டாவது விஷயத்தைக் கேட்காமல் வந்துவிடாதீர்கள். வாரக் கூலியையே தள்ளிப் போடும் இடத்தில் மாதச் சம்பளம் தேதிக்கு வராது.

ஒன்று மட்டும் கவனம். கடையில் கேட்ட கோளாறுகளைக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். ‘உங்கள் பம்ப் அதிகமாக எரிந்து வருகிறதாமே’ என்று அறிமுகமில்லாதவர் எழுதினால் எந்த முதலாளிக்கும் கோபம்தான் வரும். அது உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். எந்த அனுபவத்தை முன்னால் சொல்வது என்று முடிவு செய்ய அது உதவும்.

மூன்று மாதம் சும்மா வேலை வேண்டாம்

நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் இது இரண்டு பக்கமும் கெடுதல். குறைந்தபட்ச ஊதியத்தை ஒருவர் தாமாகவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் சட்டத்தில் அது செல்லாது; வேலை வாங்கினால் கூலி கொடுத்தே ஆக வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், நீங்கள் நிற்கப்போவது பேனல் போர்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில். பெயர் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லாமல், இஎஸ்ஐ இல்லாமல் ஒருவர் அங்கே நின்று ஷாக் அடித்தால் அது ஓனர் தலையில் விடியும். விவரம் தெரிந்த ஓனர் அந்த வரியைப் படித்ததும் பயப்படுவார். விவரம் தெரியாதவரோ, மூன்று மாதம் வேலை வாங்கிக்கொண்டு ‘இப்ப சீசன் இல்லீங்க’ என்று சொல்லி அனுப்பிவிடக் கூடும். அப்படி நடந்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

உங்களைச் சோதித்துப் பார்க்க அவருக்கு மூன்று மாதம் தேவையே இல்லை. டெஸ்ட் பெட்டில் ஒரு பம்பை ஏற்றி, டெலிவரி வால்வை முழுக்க மூடியதிலிருந்து சிறிது சிறிதாகத் திறந்துகொண்டே ஹெட், டிஸ்சார்ஜ், வோல்ட், ஆம்பியர், வாட் என்று ரீடிங் எடுத்து கர்வ் போட்டுக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? பேசப் போகும் அன்றைக்கே செய்து காட்டலாம்.

இன்னொன்றும் காட்டலாம், அதைத்தான் அவர் அதிகம் விரும்புவார். மூலையில் கிடக்கும் எரிந்த மோட்டார் ஒன்றைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஸ்டார் கனெக்ஷனில் இரண்டு பேஸ் காயில் கருகி ஒன்று புதிதுபோல இருந்தால், விவசாயி வீட்டில் ஒரு பேஸ் போயிருக்கிறது. கம்பெனி தப்பு இல்லை. மூன்றும் ஒரே மாதிரி கருகியிருந்தால் லோ வோல்டேஜ் அல்லது ஓவர்லோடு. காயில் நன்றாக இருந்து புஷ்ஷும் திரஸ்ட் பேரிங்கும் தேய்ந்து பிடித்திருந்தால், தண்ணீர் இல்லாமல் ஓட்டியிருக்கலாம். இதை எழுதி டீலருக்கு அனுப்பினால் எத்தனை இலவச ரீவைண்டிங் மிச்சம் என்று ஓனர் அங்கேயே மனக்கணக்குப் போட்டுவிடுவார். உங்கள் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதை அவர் கண்ணால் பார்க்கும் இடம் அதுதான்.

எப்படி எழுதலாம்

ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. பயோடேட்டாவை இணைக்க வேண்டாம், கேட்டால் கொடுக்கலாம். ஏறக்குறைய இப்படி:

> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.
>
> என் வீடு கணபதியில், உங்கள் தொழிற்சாலையிலிருந்து 2 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. டிப்ளமோ எலக்ட்ரிக்கல் முடித்து, கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் டெஸ்ட் பெட்டில் 7 வருடமாக வேலை செய்கிறேன். 8034-ன்படி சோதனை எடுத்து, பதிவேடு எழுதி, பிஐஎஸ் அதிகாரி வரும்போது உடன் நின்று காட்டியிருக்கிறேன். வாரண்டியில் வரும் மோட்டாரைப் பிரித்து, எரிந்த காரணத்தை எழுதிக் கொடுப்பதும் என் வேலைதான்.
>
> நீங்கள் இப்போது ஆள் தேடவில்லை என்று தெரியும். டெஸ்டிங்கிலோ வாரண்டி பம்புகளிலோ இன்னொரு ஆள் இருந்தால் உதவியாக இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றினால், 15 நிமிடம் நேரில் வந்து பேச விரும்புகிறேன். ஞாயிறு அல்லது மாலை 7 மணிக்கு மேல் வர முடியும்.
>
> இப்போது வேலையில் இருப்பதால், இதைத் தங்களோடு மட்டும் வைத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது தேவையில்லை என்றாலும், பின்னால் தேவைப்பட்டால் அழையுங்கள்.
>
> (பெயர், கைபேசி எண்)

வேலை கொடுங்கள் என்று இதில் எங்கும் கேட்கவில்லை. 15 நிமிடம்தான் கேட்டிருக்கிறோம். ‘வேலை உண்டா’ என்றால் அவர் சம்பளம், பிஎஃப், மற்ற ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். ‘பேசலாமா’ என்றால் சரி என்று சொல்ல அவ்வளவு யோசனை வேண்டாம்.

இப்போதைய கம்பெனியின் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். கோவையில் பம்ப் தொழில் பெரிதென்றாலும் முதலாளிகள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். கொடிசியா கூட்டத்திலோ ஒரு கல்யாண வரவேற்பிலோ ‘உங்க ஸ்டாஃப் ஒரு பொண்ணு எழுதியிருந்துச்சுங்க’ என்று ஒரு வார்த்தை போதும். கெட்ட எண்ணத்தோடு சொல்ல வேண்டும் என்பதில்லை, பேச்சுவாக்கில் வந்துவிடும். பெயரை நேரில் சொல்லுங்கள். அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள நினைப்பது நியாயம்தான்.

வெள்ளைத் தாளில், கையெழுத்தோடு, அவர் பெயர் எழுதிய கவரில் வைத்து ஆபீஸில் கொடுங்கள். கேட்டில் கொடுக்க வேண்டாம். நீங்கள் போக முடியாவிட்டால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் முதலில் பிடிஎஃப் அனுப்புவதை நான் சொல்ல மாட்டேன். காலை வணக்கப் படங்களுக்கும் காஸ்டிங் விலைப் பட்டியலுக்கும் நடுவில் அது மேலே போய்விடும். தாள் மேஜையில் கிடக்கும். 25 பேர் வேலை பார்த்த ஒரு மோட்டார் யூனிட்டில், ஓனர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கடிதத்தைப் பார்த்திருக்கிறேன். டெஸ்பாட்ச் வேலை தெரிந்த ஒருவர் ஐந்து மாதத்துக்கு முன் எழுதியது. எந்த லாரி சர்வீஸ் எத்தனை மணிக்கு புக்கிங் மூடும், எந்த ஊருக்கு எது மலிவு என்று இரண்டு வரி அதில் இருந்தது. அப்போது ஓனர் பதிலே போடவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போன டெஸ்பாட்ச் ஆள் திரும்பி வராத வாரத்தில், அந்தக் கண்ணாடியைத் தூக்கி எண்ணைப் பார்த்து அழைத்தார்.

அதே காரணத்தால் நேரமும் முக்கியம். தீபாவளி போனஸ் வாங்கியதும் சிலர் வேறு இடம் போவார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களில் சிலர் வர மாட்டார்கள். கோடைக்கு முன்னால் பம்ப் ஆர்டர் ஏறும். ஆகவே தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கடிதம் அவர் கையில் இருப்பது நல்லது, அதை விட்டால் பொங்கல் முடிந்த வாரம். மார்ச், ஏப்ரலில் அவருக்குக் கடிதம் படிக்கவே நேரம் இருக்காது. ஆனால் அப்போது ஆள் தட்டுப்பாடு உச்சத்தில் இருக்கும் என்பதால் அந்த மாதங்களை முழுக்க ஒதுக்கவும் வேண்டாம்.

கொடுத்துப் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை போன் செய்யுங்கள். மாதத்தில் 11, 20 தேதிகளை ஒட்டி ஜிஎஸ்டி கணக்கில் இருப்பார். சனிக்கிழமை மாலை கூலி பட்டுவாடா. பேசச் சரியான நாள் ஒன்று உண்டு: உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று செய்தித்தாளில் வருகிறதே, அந்த நாள். மெஷின் ஓடாது, சத்தம் இருக்காது, ஓனர் ஆபீஸில் சும்மா உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு நீங்கள் ஷிஃப்டில் இருந்தால் உணவு இடைவேளையில் பேசலாம். ‘இப்ப இல்லீங்க’ என்றால் ‘சரிங்க, நன்றி’ என்று வைத்துவிடுங்கள். அதற்குமேல் ஒரு தடவையும் அழைக்க வேண்டாம்.

மற்ற கம்பெனிகளுக்கும் இதையே அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாரத்துக்கு இரண்டு கம்பெனி, அதற்குமேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் லேபிள் பார்த்து, பெயர் பார்த்து, இரண்டாவது பத்தியை மாற்றி எழுதுங்கள். மோனோபிளாக் செய்யும் கம்பெனிக்கு 8034 என்று எழுதிப் போனால், பார்க்காமல் அனுப்பியது அந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடும். அங்கே 9079 என்று இருக்க வேண்டும். பெரும்பாலான கடிதங்களுக்குப் பதில் வராது. ஓனர் மகனே படித்துவிட்டு வந்து டெஸ்டிங் பார்க்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே எவ்வளவு நல்ல கடிதத்துக்கும் இடமில்லை. அதை வெளியிலிருந்து தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

அந்த 2 வருட நிபந்தனை

இதற்காக எழுதாமல் இருந்துவிடாதீர்கள். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-வது பிரிவின்படி, ஒருவர் தன் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனைகளை நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. டெஸ்டிங் தெரிந்த ஒருவர் இன்னொரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் செய்வதை அந்த வரி தடுக்காது.

ஆனால் அதே ஆர்டரில் செல்லக்கூடிய வரிகளும் இருக்கும், அவற்றைத் தேடிப் படியுங்கள். வேலையில் இருக்கும்வரை வேறிடத்தில் வேலை செய்யக்கூடாது என்பது செல்லும். ஆகவே ‘ஞாயிறு மட்டும் வந்து பார்த்துக் கொடுங்க’ என்று அந்த ஓனர் கேட்டால் இப்போது முடியாது என்று சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் காலம் செல்லும். பயிற்சி செலவுக்கென்று பாண்ட் எழுதிக் கொடுத்திருந்தால் அதில் பணம் கேட்க அவர்களுக்கு வழி இருக்கலாம். அப்படி ஏதாவது இருந்தால் ஆர்டரோடு ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைப் பாருங்கள்.

ரகசியம் காப்பதும் அப்படித்தான். சோதனை செய்யும் திறமை உங்களுடையது. கம்பெனியின் இம்பெல்லர் டிராயிங், வைண்டிங் டேட்டா, ஒவ்வொரு மாடலின் டெஸ்ட் ரிசல்ட் எதுவும் உங்களுடையது அல்ல. போனில் ஒரு போட்டோ கூட இருக்கக்கூடாது. நேரில் பேசும்போது ஓனர் பேச்சை அந்தப் பக்கம் திருப்பலாம்: ‘உங்க அஞ்சு எச்பி மோட்டார்ல எத்தனை டர்ன் போடறாங்க?’ சிரித்துக்கொண்டே, ‘அது அவங்க விஷயங்க. நாளைக்கு உங்க விஷயத்தையும் நான் இப்படித்தான் வச்சுக்குவேன்’ என்று சொல்லுங்கள். நல்ல முதலாளிக்கு இந்தப் பதில் பிடிக்கும். மீண்டும் மீண்டும் கேட்டார் என்றால் அவருக்கு வேண்டியது டெஸ்டிங் ஆள் அல்ல. டேட்டா வந்த பிறகு உங்களை எத்தனை நாள் வைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, வரச் சொன்னால்

சம்பளக் கணக்கை முன்பே போட்டு வையுங்கள். கையில் 23,000, அதில் பக்கத்து வீட்டுக்கு 2,500 போனால் மிச்சம் 20,500. மகள் பள்ளி விடும் நேரத்துக்கு நீங்கள் வீட்டில் இருக்க முடிந்தால், கையில் 20,500 வந்தாலே இப்போதைய நிலை. கூடவே தினமும் இரண்டரை மணி நேரமாவது மிச்சம். ஆனால் சின்ன கம்பெனியில் ஷிஃப்ட் காலை 8.30 முதல் மாலை 5.30 வரை என்றால் பக்கத்து வீட்டுச் செலவு அப்படியே தொடரும். ஆகவே சம்பளத்துக்கு முன்னால் நேரத்தைப் பேசுங்கள். 500 ரூபாய் கூட்டிக் கேட்பதைவிட மாலை 4 மணிக்குக் கிளம்பலாமா என்று கேட்பது உங்களுக்கு அதிக லாபம். பெரிய தொழிற்சாலையால் தர முடியாததை ஒரு சின்ன கம்பெனி ஓனர் ஒரே வார்த்தையில் தந்துவிட முடியும்.

எத்தனை பேர் ரெஜிஸ்டரில் இருக்கிறார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். 20 பேர் இருந்தால் பிஎஃப் கட்டாயம். 10 பேர் இருந்தால் இஎஸ்ஐ. நீங்கள் வெளியிலிருந்து எண்ணிய 30 பேரில் பாதி கான்ட்ராக்ட் ஆட்கள் என்று சொல்லி, பிஎஃப் இல்லை என்று சொல்லும் இடங்களும் உண்டு. சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இஎஸ்ஐ வரும். 20,000 என்றால் உங்கள் பங்கு 150 ரூபாய்தான், அதில் மகளுக்கும் சேர்த்து மருத்துவம் கிடைக்கும். இப்போது வரம்புக்கு மேலே இருப்பதால் உங்களுக்கு அது இல்லை என்று நினைக்கிறேன். சம்பளம் கொஞ்சம் குறைவதை எடைபோடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாய் வார்த்தையை வைத்து ராஜினாமா எழுதாதீர்கள். ‘ஒண்ணாந்தேதி வந்துருங்க’ என்று சொல்லிவிட்டு, ஆர்டர் கேன்சலானதும் ‘அடுத்த மாசம் பாக்கலாங்க’ என்பது இந்த அளவு கம்பெனிகளில் சாதாரணம். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, அன்றன்றைய ஆர்டரை வைத்து ஓட்டுகிறவர்கள். லெட்டர்ஹெட்டில் வேலை, சம்பளம், நேரம், சேரும் தேதி நாலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்து, ரிலீவிங் லெட்டர் வாங்குங்கள். பிஎஃப் பணத்தை எடுக்காமல் அதே யுஏஎன் எண்ணில் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: 5 வருடம் தாண்டியதால், நீங்களாகவே விலகினாலும் உங்களுக்குக் கிராஜுவிட்டி உண்டு. கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை 14,000 என்றால் 7 வருடத்துக்குச் சுமார் 56,500 ரூபாய். விலகிய கையோடு எழுத்தில் விண்ணப்பித்து, கொடுத்ததற்கு ஒரு நகலில் சீல் வாங்கி வையுங்கள். 30 நாளுக்குள் அவர்கள் கொடுக்க வேண்டும்.